வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்ட கடன்

போன முறை நியூஜெர்சியில் எடிசனில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது, சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளையோடு பங்குச்சந்தைப் பேச்சு தினமும் உண்டு. அவர் ஒருநாள், "மாமா, நூறு ஷேர் வாங்க பத்தாயிரம் டாலர் வேணும். அதே நூறு ஷேரை மூவாயிரத்து எண்ணூறுக்குக் கையில வெச்சுக்க ஒரு வழி இருக்கு. என் ஆபீஸ்ல பாதிப் பேர் அதைத்தான் செய்யறாங்க" என்றார். முப்பத்து நாலு வருஷம் வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு, பத்தாயிரம் ரூபாய்ச் சரக்கு நாலாயிரத்துக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே ஒரு கேள்விதான் வரும். மீதியை யார் போடுகிறார்கள்?

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் நம் நண்பர்கள் பலர் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

இதன் பெயர் கால் ஆப்ஷன். தமிழில் எழுதினால் காலும் ஆகிவிடும், கால்பங்கும் ஆகிவிடும், ஆனால் இது 'அழைப்பு' என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொல். ஒரு பங்கைக் குறித்த தேதிக்குள் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை அது. வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அமெரிக்காவில் ஒரு ஒப்பந்தம் என்றால் நூறு பங்கு. அந்தக் குறித்த விலைக்கு ஸ்டிரைக் விலை என்று பெயர். இந்த உரிமைக்காக முதலிலேயே கட்டும் தொகை பிரீமியம். பெரும்பாலான ஆப்ஷன்கள் சில வாரம், சில மாதத்தில் முடிந்துவிடும். இரண்டு, மூன்று வருஷம் வரை ஓடுகிற நீண்டகால ஆப்ஷனுக்கு லீப்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிகாகோ ஆப்ஷன் சந்தை 1990-ல் அதைக் கொண்டுவந்தது. வழக்கமாக ஜனவரி மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமையோடு அவை முடியும்.

மாப்பிள்ளை சொன்ன கணக்கை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். எளிதாக இருக்கட்டும் என்று ஒரு மாதிரிப் பங்கை எடுத்துக்கொண்டோம். இன்றைய விலை 100 டாலர், டிவிடெண்ட் கிடையாது. இரண்டு வருஷத் தவணையில், 70 டாலர் ஸ்டிரைக் விலையில் ஒரு கால். வட்டி விகிதம் நாலு சதவீதம், பங்கின் ஏற்ற இறக்கம் நடுத்தரம் என்று வைத்துக்கொண்டால், பாடப்புத்தகச் சூத்திரப்படி அந்தக் காலின் விலை பங்குக்கு 38 டாலர் வருகிறது. நூறு பங்குக்கு 3,800.

100 டாலர் பங்கை 70-க்கு வாங்கும் உரிமை என்றால், இன்றைக்கே அதற்கு 30 டாலர் மதிப்பு உண்டு. இதை உள்மதிப்பு என்பார்கள். ஸ்டிரைக் விலை சந்தை விலைக்கு இவ்வளவு கீழே இருப்பதால்தான் இதை ஆழமான கால் என்கிறார்கள். பாக்கி 8 டாலர் எதற்கு?

அந்த எட்டு டாலரைப் பிரித்துப் பார்த்ததும் எனக்கு என் பழைய மேஜை ஞாபகம் வந்துவிட்டது. பங்கு முழுசாக வாங்கினால் 100 டாலரும் இன்றே போகும். காலில் அந்த 70 டாலரை இரண்டு வருஷம் கழித்துத்தான் கட்டுவோம். அப்படியானால் 70 டாலர் நமக்குக் கடன் நிற்கிறது. இரண்டு வருஷத்துக்கு நாலு சதவீத வட்டி கிட்டத்தட்ட 5 டாலர் 40 சென்ட். பில் டிஸ்கவுண்ட் செய்யும்போது வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு கொடுப்போமே, அதே மாதிரி இதுவும் பிரீமியத்திலேயே பிடிக்கப்பட்டுவிட்டது. மிச்சம் இருப்பது 2 டாலர் 60 சென்ட். அது என்ன? பங்கு 70-க்குக் கீழே போனால் 'எனக்கு வேண்டாம்' என்று கையை விரித்துவிடலாமே, அந்த உரிமைக்கான இன்சூரன்ஸ் பணம்.

இதுதான் இந்தச் சமாசாரத்தின் முழு உடம்பும். 30 டாலர் நம் கைப்பணம், 70 டாலர் கடன், வட்டி முன்பணம், கூடவே ஒரு இன்சூரன்ஸ்.

நகைக்கடன் கொடுத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆனால் ஒரு வித்தியாசம். நகைக்கடனில் தங்கம் விலை சரிந்து, ஏலத்தில் வந்த பணம் அசலுக்கும் வட்டிக்கும் போதவில்லை என்றால், மீதியைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்புவோம். இங்கே அந்த நோட்டீஸ் வரவே வராது. போட்ட 3,800-க்கு மேல் ஒரு சென்ட்டும் கேட்க முடியாது. நடுவில் விலை விழுந்தால் 'இன்னும் மார்ஜின் கட்டு, இல்லாவிட்டால் விற்றுவிடுவேன்' என்று புரோக்கர் காலையில் மெயில் அனுப்புவதும் இல்லை. பங்கை அடகு வைத்து மார்ஜின் கடன் வாங்குகிறவர்களுக்கு அந்தத் தலைவலி உண்டு. நடுவில் திருப்பிக் கேட்க முடியாத, ஆள் ஜாமீனும் இல்லாத கடன் இது. இந்தச் சலுகைக்குத்தான் அந்த 2 டாலர் 60 சென்ட். நியாயமான விலை என்றே சொல்வேன்.

அப்படியானால் 'மலிவு' என்கிற பேச்சு எங்கே வருகிறது? மாப்பிள்ளையிடம் நான் கேட்டதும் இதைத்தான்: "மீதி ஆறாயிரத்து இருநூறு டாலர் எங்கே இருக்கும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுலயே இன்னொரு கால் வாங்கலாம் மாமா" என்றார்.

இந்த ஒரு பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு வழியையும் அதே தாளில் போட்டுப் பார்த்தோம்.

முதல் வழி, ஒரே ஒரு கால், மீதி 6,200 அமெரிக்க அரசின் இரண்டு வருஷக் கடன் பத்திரத்தில். நாலு சதவீதத்தில் ஏறத்தாழ 500 டாலர் வட்டி வரும். பங்கு இரண்டு வருஷம் கழித்து 130-க்குப் போனால், நேரடியாகப் பங்கு வைத்திருந்தவருக்கு 3,000 லாபம். கால் வைத்திருந்தவருக்குக் காலில் 2,200, பத்திர வட்டி 500, ஆக 2,700. பங்கு நகராமல் 100-லேயே நின்றால், பங்குக்காரருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கால்காரருக்கு அந்த எட்டு டாலர் கரைந்து 800 போகும், வட்டி 500 வரும், ஆக 300 நஷ்டம். பங்கு 50-க்கு விழுந்தால் பங்குக்காரருக்கு 5,000 நஷ்டம். கால் சுத்தமாகப் பூஜ்யம். 3,800 போய் 500 வந்து 3,300 நஷ்டம். விலை ஏறினாலும் நின்றாலும் ஒரு முந்நூறு டாலர் குறைவு, பெரிதாக விழுந்தால் ஆயிரத்து எழுநூறு மிச்சம். கட்டிய வட்டியைப் பத்திர வட்டி ஏறக்குறைய ஈடுகட்டிவிட்டது, இன்சூரன்ஸ் செலவு மட்டும் நின்றது.

இரண்டாவது வழி, 7,600 போட்டு இரண்டு கால், மீதி 2,400 மட்டும் பத்திரத்தில். அதற்கு வட்டி 200-க்குச் சற்றுக் குறைவு. பங்கு 130 போனால் 4,600 கிடைக்கும். நன்றாகத்தான் இருக்கிறது. நகராமல் 100-ல் நின்றாலே 1,400 போய்விடும். 80-க்கு வந்தால், பங்குக்காரர் 2,000 இழந்த இடத்தில் இவர் 5,400 இழப்பார். 50 என்றால் 7,400 போச்சு. இன்சூரன்ஸ் என்று சொன்னோமே, அது ஒரு காலுக்கு இருந்தது. இரண்டு வாங்கியதும் பத்தாயிரத்தில் முக்கால்வாசி அந்த இன்சூரன்ஸின் கழிவுத் தொகையாகவே போய்விட்டது.

ஆகவே இந்தக் கால் மலிவா என்று கேட்டால், காலைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. மிச்சப் பணம் படுத்திருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. அதே பங்கில் 100 டாலர் ஸ்டிரைக் காலின் விலை சூத்திரப்படி 20 டாலர்தான் வருகிறது. 38-ஐ விட 20 மலிவாயிற்றே என்று தோன்றும். ஆனால் அந்த இருபதில் உள்மதிப்பு ஒரு பைசா இல்லை, முழுக்க வட்டியும் இன்சூரன்ஸும்தான். பங்கு 120-க்குப் போனால்தான் போட்ட பணம் திரும்பும். 70 ஸ்டிரைக் காலில் 108 போதும். விலைச்சீட்டில் சின்ன எண் இருக்கும் காலில்தான் செலவு பெரிசு. பங்குக்குப் பதிலாக என்று நினைத்து வாங்குபவர்கள் ஆழத்துக்குப் போவது இதற்காகத்தான். 70 ஸ்டிரைக் கால் பங்கோடு ஒட்டியே நடக்கும். பங்கு ஒரு டாலர் ஏறினால் இது சுமார் 89 சென்ட் ஏறும். இந்த அளவைத்தான் டெல்டா என்கிறார்கள். பங்கு கீழே வரவர அந்த ஒட்டுதல் தளரும்.

டிவிடெண்ட் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. கால் வைத்திருப்பவருக்கு டிவிடெண்ட் வராது, வாக்குரிமை கிடையாது, ஆண்டறிக்கை வராது. இது உண்மை. (நம்மூர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இனிப்புப் பெட்டிக்காகவே வரிசையில் நிற்கும் நண்பர்கள் மன்னிக்கவும்.) ஆனால் டிவிடெண்டை 'இழக்கிறோம்' என்பது பாதிதான் சரி. எதிர்பார்க்கப்படும் டிவிடெண்டைச் சந்தை முதலிலேயே காலின் விலையில் கழித்துவிடும். நம் மாதிரிப் பங்கு வருஷத்துக்கு இரண்டு சதவீதம் டிவிடெண்ட் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், அதே 70 ஸ்டிரைக் கால் 38-க்குப் பதில் 34 டாலர் 50 சென்ட் சுமாருக்குக் கிடைக்கும். எதிர்பார்த்ததைவிட நிறுவனம் டிவிடெண்டை உயர்த்தினால்தான் கால்காரருக்கு நஷ்டம். பங்கு பிரிப்பு வந்தால் ஆப்ஷன்ஸ் கிளியரிங் கார்ப்பரேஷன் ஒப்பந்தத்தை அதற்கேற்ப மாற்றிவிடும். வழக்கமான டிவிடெண்டுக்கு அப்படி மாற்றுவதில்லை.

பலர் யோசிக்காத ஒன்று, நிறுவனத்தையே வேறொருவர் ரொக்கம் கொடுத்து வாங்கிவிடுவது. நம் 100 டாலர் பங்கை ஒரு மாதத்தில் 105-க்கு ரொக்கமாக வாங்கிவிட்டார்கள் என்று வையுங்கள். பங்குக்காரருக்கு 5 டாலர் லாபம். கால்காரருக்குக் கிடைப்பது 105-ல் 70 போக 35. போட்டது 38. நல்ல செய்தியிலும் 3 டாலர் நஷ்டம். மீதிக் காலத்துக்குக் கட்டிய வட்டியும் இன்சூரன்ஸும் அப்படியே முழுகிவிடும். முன்கூட்டிக் கடனை அடைத்தால் வட்டியில் கொஞ்சம் திருப்பித் தருவோமே, அந்த வழக்கம் இங்கே இல்லை.

இவை எல்லாம் காசு கணக்கு. காலத்தின் கணக்குதான் எனக்கு அதிகமாக உறுத்தியது.

மெட்டா நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அப்போது ஃபேஸ்புக் என்ற பெயர். 2021 செப்டம்பரில் பங்கு 380 டாலருக்கு மேல் விற்றது. அந்த மாதம் ஒருவர் பங்குக்குப் பதிலாக 2023 ஜனவரியில் முடியும் காலை 270 டாலர் ஸ்டிரைக்கில் வாங்கியிருந்தால், அதுவும் ஆழமான கால்தான், பதினாறு மாத அவகாசமும் இருந்தது. 2022 நவம்பரில் பங்கு 90 டாலருக்கும் கீழே வந்தது. 2023 ஜனவரி 20 அன்று அந்தக் கால் முடிந்தபோது பங்கு 140 டாலர் அளவில் இருந்தது. கால் பூஜ்யம். அதே 380-க்குப் பங்காகவே வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு? சரியாக ஒரு வருஷம் கழித்து, 2024 ஜனவரி 19 அன்று பங்கு பழைய உச்சத்தைத் தாண்டி முடிந்தது.

கால்காரர் அடிமட்டத்தில் குறைவாகத்தான் இழந்தார் என்பது காகிதத்தில் உண்மை. ஒரு பங்குக்கு அவர் போட்டது பங்கு விலையைவிட மிகக் குறைவு. மீதிப் பணத்தைப் பத்திரத்தில் வைத்திருந்தால், 140-ல் அதே பங்கை வாங்கிய பிறகும் அவர் கையில் பணம் மிஞ்சியிருக்கும். அந்த மீதிப் பணமும் கால்களாக மாறியிருந்தால், பங்கு திரும்பி ஏறிய அந்த ஒரு வருஷம் அவருக்கு வேடிக்கை பார்க்கும் வருஷம்தான். பொறுமை என்பது பங்குக்காரருக்கு இலவசம். கால்காரர் அதையும் விலை கொடுத்து வாங்கவேண்டும்.

அப்படி வாங்குவதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தவணை முடிய ஆறு மாதம், ஒரு வருஷம் இருக்கும்போதே பழைய காலை விற்று, அடுத்த ஜனவரிக்கான காலை வாங்குவது. கடனைப் புதுப்பிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக வட்டி, புதிதாக இன்சூரன்ஸ். அன்றைய வட்டி விகிதம் எதுவோ அதுதான். சந்தை கலங்கியிருக்கும் நேரத்தில் இன்சூரன்ஸ் விலையும் ஏறியிருக்கும்.

வாங்கும்போதும் விற்கும்போதும் இன்னொரு கசிவு. இந்த நீண்டகால ஆழமான கால்களில் தினசரி வியாபாரம் குறைவு. திரையில் வாங்குகிறவர் விலை 37, விற்கிறவர் விலை 39 என்று இருக்கும். சந்தை விலைக்கு ஆர்டர் போட்டு வாங்கி, அதே மாதிரி விற்றால், பங்கு அசையாமலேயே ஒரு ஒப்பந்தத்துக்கு 200 டாலர் போய்விடும். வருஷம் முழுக்க மிச்சப் பணத்தில் வரும் வட்டியில் முக்கால்வாசிக்கு மேல். நடுவிலுள்ள 38-க்கு விலை குறிப்பிட்டு ஆர்டர் வைத்துக் காத்திருப்பதுதான் வழி. திரையில் பார்த்ததும் முதலில் செய்யவேண்டியது, கேட்கும் விலையிலிருந்து உள்மதிப்பைக் கழித்து, மீதியை அன்றைய வட்டியோடு ஒப்பிடுவது. 70 டாலர் கடனுக்கு எட்டு டாலர் என்றால், இன்சூரன்ஸையும் சேர்த்து வருஷத்துக்கு ஆறு சதவீதத்தைச் சற்றுத் தொடும். அது பத்துக்கு மேல் போனால், ஏற்ற இறக்கம் அதிகமுள்ள பங்கு, அல்லது நம்மைப் பார்த்துச் சிரிக்கிற விலை.

கடைசித் தேதியை மறந்துவிட்டாலும் ஆபத்து உண்டு. முடியும் நாளில் கால் ஒரு சென்ட் லாபத்தில் இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லாவிட்டால் தானாகவே பங்காக மாறிவிடும். அதாவது 7,000 டாலர் கணக்கில் இருக்கவேண்டும். மிச்சப் பணத்தைச் செலவழித்துவிட்டவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். அதற்கு முன்பே காலை விற்றுவிடுவதுதான் பெரும்பாலும் நல்லது. காலம் பாக்கி இருக்கும்போது பங்காக மாற்றினால் மீதி வட்டி, இன்சூரன்ஸ் இரண்டையும் தானம் செய்ததாகிவிடும். வரியிலும் ஒரு நுணுக்கம். காலை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால லாபத்துக்குரிய குறைந்த வரி. பங்காக மாற்றிக்கொண்டால் அந்த ஒரு வருஷக் கணக்கு மறுநாளிலிருந்து மறுபடி தொடங்கும்.

நம்மூரில் இதைச் செய்யலாமா என்று சிலர் கேட்பீர்கள். நம் தேசிய பங்குச்சந்தையில் தனி நிறுவனப் பங்குகளுக்கு மூன்று மாதத் தொடர்கள்தான். நிஃப்டிக்கு நீண்ட தவணை உண்டு, ஆனால் எதிரே நின்று வாங்க விற்க ஆள் குறைவு. இங்கிருந்து அமெரிக்கச் சந்தைக்கு மார்ஜின் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி விதி இடம் தருவதில்லை. ஆகவே இது அங்கே குடியிருக்கும் பிள்ளைகளின் விஷயம்.

மாப்பிள்ளை கடைசியில் ஒரே ஒரு கால் வாங்கினார். மீதியை அரசுப் பத்திரத்தில் போட்டார். அந்தப் பத்திரம் முதிரும் தேதியும் கால் முடியும் ஜனவரியும் ஒரே வாரத்தில் வரும்படி பார்த்துத்தான் வாங்கினார். "எழுபதுக்கு மேல இருந்தா அந்தப் பணத்தோட இன்னும் கொஞ்சம் சேர்த்து ஷேரா எடுத்துக்கலாம் மாமா, கீழே இருந்தா அப்போ மார்க்கெட்டிலேயே இன்னும் சீப்பா வாங்கிக்கலாம்" என்றார். மகள் அந்தத் தாளை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டாள்.